பெயர் போடாத ஒரு பக்கம்

கு யுன்லானுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் "அப்புறம் என்னமோ பண்ணோம், சரியாப் போச்சு" என்று தாண்டிப் போனால் அவளால் பொறுக்க முடியாது. "அந்த என்னமோ என்ன?" என்று கேட்டுவிடுவாள். கல்யாண விருந்தில் கேட்பாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்பாள். "உனக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் இளைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பிரிந்துபோன கணவரிடம்கூட, "எந்தக் கேள்வியில ஆரம்பிச்சுது?" என்று அவள் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு.

மியாவ்லி பக்கத்து ஹக்கா இனக் குடும்பம். அப்பா மலைப்பாதையில் பஸ் ஓட்டினவர். படிப்பு முடிந்ததும் தாய்பேயில் ஒரு செய்தி சேனலில் வேலை. திரையின் அடியில் ஓடுமே ஒரு வரி, அதை எழுதுகிற வேலை. பாலம் இடிந்தாலும், மந்திரி ராஜினாமா செய்தாலும், மிருகக்காட்சி சாலையில் கரடி குட்டி போட்டாலும் எல்லாம் ஒரே வரிதான். எதை வெட்டலாம், எதை வெட்டினால் செய்தியே செத்துவிடும் என்பதை அங்கேதான் கற்றாள். பிறகு மகள் படிப்புக்காகத் தாய்ச்சுங் வந்து, மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கு ஆர்டர் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் போன் எடுக்கச் சேர்ந்தாள். அதன் இணையதளம் படுத்துக்கொண்டால் வாடிக்கையாளர்கள் திட்டுவது அவளைத்தானே. திட்டு வாங்கினவள் சும்மா இருப்பாளா? நேரே சர்வர் ஆட்களிடம் போய், ஏன் படுத்தது, எப்படி எழுந்தது என்று குடைவாள். குடைந்து குடைந்து, நாற்பத்தேழு வயதில் அந்தக் கூட்டத்திலேயே ஒருத்தியாகிவிட்டாள். சர்வர் எழுந்த பிறகு, ஏன் விழுந்தது என்று அறிக்கை எழுதுவது இப்போது அவள் வேலை.

அறிக்கைக்கு என்று ஒரு படிவம் உண்டு. என்ன பாதிப்பு, எந்த நேரத்தில் என்ன நடந்தது, காரணம் என்ன, இனி என்ன மாற்றம். மேலே தடித்த எழுத்தில் "இது யாரையும் குற்றம் சொல்வதற்கு அல்ல" என்று இருக்கும். ஏதோ கருத்தரங்கிற்குப் போன முதலாளி கையோடு கொண்டுவந்து அமல்படுத்தினது. எழுத்தில் அமல்தான். ஆனால் அறிக்கையைப் படித்து முடித்ததும் மேனேஜர் வெங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சரி, இப்போ சொல்லு. யாரு?" என்று கேட்பார். கேட்டு முடித்ததும், அந்த யாரு என்பவர் தனியாக இரண்டு பக்கம் தன்னைத்தானே விமர்சித்து எழுதிக்கொடுக்க வேண்டும். "என் கவனக்குறைவால் நேர்ந்தது, இனி மிகவும் கவனமாக இருப்பேன்." பள்ளிக்கூடத்தில் எழுதினது, பட்டாளத்தில் எழுதினது, கம்பெனியிலும் எழுதுகிறார்கள். எழுதினவரின் கவனம் ஒரு வாரம் இருக்கும். சர்வர் வருஷம் முழுக்க ஓட வேண்டும். இது யுன்லானுக்குத் தெரியும், வெங்குக்கும் தெரியும், ஆனாலும் அந்த இரண்டு பக்கம் கைக்கு வந்தால்தான் அவருக்கு நெஞ்சு ஆறும்.

அந்த வியாழக்கிழமை சர்வர் விழுந்தது சரியான நேரம் பார்த்து. தொழிற்பேட்டையின் ஆலைகள் எல்லாம் பத்தரைக்குள் ஆர்டர் போட்டாக வேண்டும். அப்போதுதான் சமையற்கூடங்கள் பன்னிரண்டுக்குள் டப்பாக்களை அனுப்ப முடியும். பத்து மணி வாக்கில் பக்கம் திறக்கவில்லை. திறந்தவர்களுக்கு ஆர்டர் போகவில்லை. போனவர்களுக்கு இரண்டு தரம் போனது. நாற்பது ஆலைகளுக்கு மேல் அன்று சாப்பாடு இல்லை. ஒரு திருகாணி ஆலையில் ஆட்கள் கப் நூடுல்ஸ் தின்றுவிட்டு, அதன் காலிக் கோப்பைகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் எல்லாரும் அரட்டைக் குழுவில் கூடி அடித்துக்கொண்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகள். பதினொன்றேகாலுக்கு மேல்தான் உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வெங் அவள் மேஜைக்கு வந்துவிட்டார்.

"லான், நாலு மணிக்கு மீட்டிங். சமையற்கூடச் சங்கத்துக்கு நான் பதில் சொல்லணும். ஒரே பக்கம். அந்த ஆயிரம் மெசேஜையும் என்னால படிக்க முடியாது."

"படிக்க வேண்டாம் சார். அதுக்குத்தானே நான் இருக்கேன்."

"இதுல பெருசா ஆராய்ச்சி ஒண்ணும் இல்ல. போயென் ரிலீஸ் பண்ணான், தளம் படுத்துச்சு. திரும்ப எடுத்தான், எழுந்துச்சு. இப்போ மாற்று டேட்டாபேஸ்ல ஓடுது, திங்கக்கிழமை பழைய டேட்டாபேஸுக்கே மாத்திடலாம்னு இருக்கோம். சுருக்கமா எழுதிடு."

"திரும்ப எடுத்ததும் எழுந்துச்சா?"

"கொஞ்ச நேரம் ஆச்சு." வெங் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்க வாயெடுத்தவளுக்கு எதிரில் து போயென் நின்றான். முப்பதைத் தாண்டின ஆள், ஏழு மாதக் குழந்தைக்குத் தகப்பன், தூக்கம் இல்லாத கண்கள். தளத்தில் எந்த மாற்றம் வந்தாலும் பெரும்பாலும் அவன் கையால்தான் வெளியாகும்; அதைத்தான் ரிலீஸ் என்பார்கள்.

"லான் அக்கா, என் பேரைப் போட்டுருங்க."

"படிவத்துல பேருக்கு இடம் இல்லப்பா."

"இடம் பண்ணிப் போடுங்க. நான் ரெண்டு பக்கமும் எழுதி வச்சுட்டேன். ராஜினாமாவும் எழுதியாச்சு. மீட்டிங் முடிஞ்சதும் குடுத்துருவேன். நாற்பது ஆலைக்குச் சோறு இல்லாமப் பண்ணிட்டு நான் எந்த மூஞ்சியோட இங்க உக்காருறது?"

"வீட்ல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நாலு மணி வரைக்கும் யார்கிட்டயும் குடுக்காத. நீ பண்ணது என்னன்னு எனக்கே இன்னும் தெரியல. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஊர் முழுக்க நீதான் என்று சொல்லும்போது ஒரு மனிதனுக்கு அது தனக்கே தெரிந்த மாதிரி ஆகிவிடும். யுன்லானுக்கு அவன்மேல் பரிதாபமும் கோபமும் சேர்ந்து வந்தது. வெந்நீரை நிரப்பிக்கொண்டு பதிவுகளைத் திறந்தாள்.

முதல் வேலை கடிகாரங்களை ஒன்றாக்குவது. ஆட்கள் அரட்டையில் தாய்ச்சுங் நேரத்தில் புலம்பியிருப்பார்கள். சர்வர்களோ கிரீன்விச் நேரத்தில், எட்டு மணி நேரம் பின்னால் நின்றுகொண்டு புலம்பும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கொண்டுவந்தாள். அடுத்தது பிரிப்பது. ஒவ்வொரு வரியிடமும் அவள் கேட்பது ஒன்றுதான்: நீ பார்த்ததா, நினைத்ததா, செய்ததா? "பக்கம் திறக்கல" என்றால் பார்த்தது. "போயென் ரிலீஸ்தான் கெடுத்துருச்சு" என்றால் நினைத்தது. "ரிலீஸைத் திரும்ப எடுத்துட்டேன்" என்றால் செய்தது. பார்த்ததும் செய்ததும் காலவரிசைக்கு. நினைத்தது தப்பாகவே இருந்தாலும், அதை நம்பி எல்லாரும் நேரத்தைச் செலவழித்திருந்தால் அதுவும் ஒரு வரி. மற்றதெல்லாம் குப்பை. தலையில் அடித்துக்கொள்ளும் பூனைப் படங்கள், "யாராச்சும் டீ ஆர்டர் பண்றீங்களா?", ரிலீஸுக்கு முந்தைய வெட்டிப் பேச்சு எல்லாம் போயிற்று. பத்தரை மணிக்கெல்லாம் ஆயிரம் வரி முப்பதாகிவிட்டது.

முப்பதும் வழவழவென்று ஓடின. 10.09 ரிலீஸ். 10.12 அலாரம். 10.21 ரிலீஸ் திரும்பப் பெறப்பட்டது. 10.40 சர்வர்கள் மறுபடி துவக்கப்பட்டன. 11.18 மாற்று டேட்டாபேஸுக்கு மாற்றப்பட்டது, தளம் சீரானது. ஒரு வரியில் சொல்லிப் பார்த்தாள், சேனலில் சொல்வதுபோல்: ரிலீஸ் கெடுத்தது, திரும்ப எடுத்ததும் சரியானது.

சொல்லும்போதே நாக்கு இடறியது. திரும்ப எடுத்தது 10.21. சரியானது 11.18. நடுவில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அந்த "என்னமோ" உட்கார்ந்திருந்தது.

யுன்லான் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். இந்த மாதிரி ஓட்டை கிடைத்தால் அவளுக்குப் பசி மறந்துபோகும். ரிலீஸில் என்ன இருந்தது என்று பார்த்தாள். சைவச் சாப்பாட்டுப் பொத்தானின் நிறத்தை மாற்றியிருந்தான், அவ்வளவுதான். பொத்தான் நிறம் மாறினால் ஆர்டர் இரண்டு தரம் போகுமா? அடுத்து, பிழைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்தாள். கெட்ட ரிலீஸ் என்றால் கெட்டபடியே நிற்கும். இங்கே பிழைகள் கொத்துக் கொத்தாக இருந்தன. சில நொடி எல்லாம் தவறும், பிறகு சில நொடி எல்லாம் ஓடும், மறுபடியும் தவறும். விக்கல் எடுத்த மாதிரி.

பிழைகளின் முதல் கொத்தைத் தேடி மேலே போனாள். அது 10.12-இல் இல்லை. 10.07-இல் இருந்தது.

எழுந்து போய்ப் போயெனின் தோளைத் தட்டினாள். "நம்ம அலாரம் எப்போ அடிக்கும்?"

"பிழை அதிகமானா."

"அதிகமான உடனேவா?"

"இல்லக்கா. நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணிப் பார்க்கும், அஞ்சு நிமிஷமும் அதிகமா இருந்தாதான். இல்லேன்னா சும்மா சும்மா அடிச்சுக்கிட்டே இருக்கும்." சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான்.

"பத்து பன்னெண்டுல அடிச்சுதுன்னா ஆரம்பிச்சது பத்து ஏழு. நீ ரிலீஸ் பண்ணது பத்து ஒம்போது. நெருப்பு பிடிச்ச வீட்டுக்குள்ள நீ பொத்தானுக்குப் பெயின்ட் அடிக்கப் போயிருக்க."

அவன் அட்டவணையை இரண்டு தரம் படித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியது. உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி ஜன்னலைப் பார்த்தான். "அப்ப நான் இல்ல" என்றான்.

"ரிலீஸ் இல்ல" என்றாள் யுன்லான். "வேற என்னன்னு தெரியணும். மாற்று டேட்டாபேஸுக்கு மாறினப்புறம்தான் சரியாச்சு; தெரியாமலேயே திங்கக்கிழமை பழையதுக்கு மாத்தப் போறாங்க. மாத்தினா மறுபடியும் விழும்."

இங்கேதான் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அலாரத்தை நம்பி, அதற்குச் சற்று முன்னால் இருந்த ரிலீஸில் கதையை ஆரம்பித்திருக்கிறாள். அதற்கு மேலே இருந்ததையெல்லாம் அரட்டை என்று தூக்கி எறிந்திருக்கிறாள். காலவரிசையில் பெரிய பொய்யே முதல் வரியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் வெட்டிய கைக்கு இது தெரியாமல் போயிற்றே. குப்பையைத் திறந்து, 10.07-க்கு முன்னால் இருந்தவற்றை மீண்டும் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

காலை வணக்கம். ஸ்கூட்டர் நிறுத்துமிடச் சண்டை. வாடிக்கையாளர் போன் எடுக்கும் யிசென் 10.06-க்குப் போட்டிருந்த ஒரு படம். சர்வர் அறை. அலமாரிக்குள் ஒரு கை பச்சைப் பாக்கெட்டை வைக்கிறது. கீழே, "புது ஆள் பதவி ஏற்பு! பழையவர் தேதி முடிஞ்சு ஓய்வு பெற்றார்" என்று எழுதி, கைகூப்பும் பன்றிக்குட்டிப் படங்கள் மூன்று.

தேங்காய்ப்பால் மணக்கும் சோளப் பொரி பாக்கெட். அதன் பெயருக்கே "சமர்த்தா இரு" என்றுதான் அர்த்தம்; பக்கத்தில் வைத்தால் சர்வரும் சமர்த்தாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை. அது இல்லாத சர்வர் அறை இந்தத் தீவில் இருந்தால் சொல்லுங்கள். பச்சைப் பாக்கெட்தான் வைக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் விளக்கும் அப்படியே எரியும். பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி முடிந்தது இருக்கவே கூடாது. பெரிய பெரிய பட்டம் வாங்கினவர்களும் இதில் வம்பு வைத்துக்கொள்வதில்லை. யுன்லானும்தான். கும்பிடுகிறாயா என்றால் இல்லை என்பாள், எடுத்துவிடலாமா என்றால் அதுவும் வேண்டாம் என்பாள்.

படத்தைப் பெரிதாக்கினாள். பாக்கெட் உட்காரும் இடம் நெட்வொர்க் ஸ்விட்சின் தலை. எல்லாச் சர்வர்களின் கேபிள்களும் வந்து செருகும் தட்டையான பெட்டி அது. கை அங்கே போவதற்கு வழி, தொங்குகிற கேபிள்களின் நடுவே.

"போயென், இங்க வந்து பாரு. இது யாரோட கை?"

அவன் குனிந்து பார்த்தான். மணிக்கட்டில் மாஸூ அம்மன் கோயில் சிவப்புக் கயிறு. அவன் தன் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டான்.

"என்னோடதுதான்" என்றான். "அன்னிக்கு ரிலீஸ் பண்றவன்தானே தேதி பார்க்கணும். பார்த்தேன், முடிஞ்சிருந்துச்சு, மாத்தினேன்." பிறகு, "அப்ப நான்தான்" என்றான். பத்து நிமிஷத்துக்கு முன்னால் திரும்பின ரத்தம் மறுபடி வடிந்துபோயிற்று. இந்தத் தரம் அவன் ஜன்னல் பக்கம்கூடப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இவனைக் காப்பாற்றப் போய்க் கழுத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டோமோ என்று யுன்லான் வருத்தப்பட்டாள். படத்தை அப்படியே குப்பையில் திருப்பிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வரத்தான் செய்தது. ஆனால் அப்படிச் செய்தால் திங்கட்கிழமை நாற்பது ஆலைக்கு மறுபடியும் சோறு இருக்காது. அதோடு, எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் வீட்டுக்குப் போகவும் முடியாது.

"ஒரு பாக்கெட்டை வச்சா சர்வர் எப்படி விழும்? வா, வந்து வச்சுக் காட்டு."

"வேண்டாம்கா. தொட எனக்குப் பயமா இருக்கு."

"பழைய டேட்டாபேஸ் இப்போ ஆர்டர் எடுக்கல, பயப்படாத. நீ தொட வேண்டாம், நான் தொடறேன்."

சர்வர் அறை குளிர்ந்து கிடந்தது. போயென் முதலில் ஸ்விட்சின் சொந்தப் பதிவைத் திறந்தான். அது மற்ற பதிவுகளோடு சேர்ந்து பொது இடத்துக்கு வருவதில்லை, அதற்குள்ளேயே கிடக்கும். வியாழக்கிழமை யாரும் அதைப் பார்க்கவில்லை. 10.07-லிருந்து 11.18 தாண்டியும் ஒரே செய்திதான்: ஏழாவது துளை அறுந்தது, ஏழாவது துளை சேர்ந்தது, அறுந்தது, சேர்ந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் அது தானாக அடங்கியிருந்தது.

"ஏழுல என்ன இருக்கு?"

"டேட்டாபேஸ்."

"முழுசா அறுந்திருந்தா மாற்று டேட்டாபேஸ் தானா எழுந்து வந்திருக்கணுமே. அதுக்குத்தானே அதை வச்சிருக்கோம்?"

போயென் யோசித்தான். பயம் போய் முகத்தில் வேறு ஏதோ வந்தது. அவனுக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. "முப்பது செகண்ட் தொடர்ந்து பதில் வரலேன்னாதான் அது எழும். இது பத்துப் பதினஞ்சு செகண்டுக்கு ஒரு தரம் சேர்ந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தரமும் அது எண்ண ஆரம்பிக்கும், முடிக்கிறதுக்குள்ள உயிர் வந்துரும், மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணும்."

"அதான் ஆர்டர் ரெண்டு தரம் போச்சா?"

"ஆமா. ஆர்டர் டேட்டாபேஸுக்குப் போயிருக்கும், சரின்னு பதில் வர்றதுக்குள்ள அறுந்திருக்கும். தளம் போகலன்னு நினைச்சு மறுபடி அனுப்பியிருக்கும்."

பாக்கெட்டை எடுத்தாள் யுன்லான். மறுபடி வைக்கப் போனாள். அவள் சின்னக் கூடு உடம்பு, போயெனைவிட மெலிந்த கை. மிகவும் மெதுவாகக் கேபிள்களை விலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் வைத்தாள். முழங்கை ஒரு மஞ்சள் கேபிளில் உரசியது. ஏழாவது துளையின் பச்சை விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நானும்தான்" என்றாள் யுன்லான்.

குனிந்து கேபிளின் தலையைப் பார்த்தாள். செருகினால் க்ளிக் என்று பிடித்துக்கொள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்குமே, அது ஒடிந்திருந்தது. மேலே ஒட்டின டேப்பும் பிசின் போய் உரிந்திருந்தது. கேபிள் வெறுமனே பேருக்குச் செருகிக்கொண்டு நின்றிருந்தது.

மேஜைக்கு வந்து எழுத உட்கார்ந்தாள். முப்பது வரியையும் அழித்துவிட்டுப் பதினோரு வரி எழுதினாள். முதல் வரி இப்படி இருந்தது: "10.06 – வழக்கமான வேலையாக ஸ்விட்சின் மேலிருந்த பாக்கெட் மாற்றப்பட்டது. அப்போது ஏழாம் துளைக் கேபிள் தளர்ந்தது." அடுத்து, "10.07 – டேட்டாபேஸ் இணைப்பு விட்டுவிட்டு அறுபடத் தொடங்கியது; பிழைகள் ஆரம்பம்." ரிலீஸையும் விடவில்லை: "10.09 – ரிலீஸ் வெளியானது. இதற்கும் பழுதுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அலாரம் 10.12-இல் அடித்ததால், ரிலீஸே காரணம் என்று எல்லாரும் நம்பி, பெரும்பகுதி நேரம் அதைச் சுற்றியே கழிந்தது." அந்த எல்லாரிலும் அவள் உண்டு. அதனால் அந்த வரியை எழுதும்போது கை தயங்கவில்லை.

காரணம் என்ற இடத்தில் நிறைய நேரம் உட்கார்ந்தாள். "கை பட்டது" என்று எழுதினால் உண்மைதான். ஆனால் அதோடு நின்றால், அடுத்து எழுத மிஞ்சுவது "இனி கவனமாக இருப்போம்" மட்டும்தான். யார் கை போனாலும் படும் இடத்தில் பாக்கெட் இருந்தது. பட்டால் கழன்றுவிடும் கேபிள் இருந்தது. கழன்று கழன்று சேர்ந்தால் மாற்று எழாது. இதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே பதிவு யார் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது. நான்கையும் எழுதினாள். மாற்றங்கள்: கேபிளை மாற்றுவது, ஒரு நிமிஷத்தில் இத்தனை தரம் அறுந்தால் மாற்று எழ வேண்டும் என்று விதியைத் திருத்துவது, ஸ்விட்சின் பதிவைப் பொது இடத்துக்குக் கொண்டுவருவது, அலாரத்தில் பிழை ஆரம்பித்த நேரத்தையும் சேர்த்துக் காட்டுவது, பாக்கெட்டை அலமாரிக் கதவின் வெளிப்பக்கம் ஒரு கூடையில் வைப்பது, கேபிள் மாறும் வரை பழைய டேட்டாபேஸுக்குத் திரும்பாமல் இருப்பது. எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிற்று. பெயர் எங்கும் இல்லை. எழுதிவிட்டு எடுக்க வேண்டியிருக்கவும் இல்லை. பெயர் இல்லாமலேயே எல்லாம் புரிந்தது.

நாலு மணிக்கு வெங் அறிக்கையைப் படித்தார். அறையில் ஏழெட்டுப் பேர். யிசென் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போயென் கதவோரம் நின்றான். சட்டைப் பையில் உறை துருத்திக்கொண்டிருந்தது. வெங் இரண்டாம் தரம் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்கு. தெளிவா இருக்கு. சரி, இப்போ சொல்லு. யாரோட கை?"

"அது தெரிஞ்சா, கீழ இருக்கிற ஆறு மாத்தத்துல எது மாறும் சார்?"

"எதுவும் மாறாதுதான். ஆனா சங்கத்துல கேப்பாங்களே லான்."

"கேட்டா, என் கைன்னு சொல்லுங்க. இன்னிக்கு மத்தியானம் நானும் பாக்கெட்டை வச்சுப் பார்த்தேன், எனக்கும் அறுந்துச்சு. நீங்க வச்சாலும் அறுந்துரும்."

"என் கைதான் சார்" என்றான் போயென். கதவோரத்திலிருந்தே சொன்னான். "வியாழக்கிழமை வச்சது நான். கேபிள் தளர்ந்தது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

வெங் அவனைப் பார்த்தார். எல்லாரும் அந்த இரண்டு பக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். வெங்கோ கையிலிருந்த தாளைத்தான் மறுபடி பார்த்தார்; காரணம் என்று இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

"இந்த ஒடிஞ்ச கேபிள்" என்றார். "மஞ்சளா?"

"ஆமா சார், மஞ்சள்."

வெங் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். "போன வருஷம் அலமாரியை அந்தச் சுவர்ப் பக்கம் தள்ளினோம் இல்ல. அப்போ நான்தான் அதைப் பிடுங்கினேன். நாக்கு கையோட வந்துருச்சு. வேற கேபிள் கைவசம் இல்ல. டேப்பைச் சுத்தி வச்சுட்டு, அடுத்த வாரம் மாத்திக்கலாம்னு இருந்தேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்புறம் மறந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

எந்தப் பதிவிலும் இது இல்லை. ஆயிரம் வரியை ஆயிரம் தரம் புரட்டியிருந்தாலும் யுன்லானுக்கு இது கிடைத்திருக்காது. அவள் மடிக்கணினியைத் திறந்து, 10.06-க்கு மேலே ஒரு வரி சேர்த்தாள். சுவரில் பெரிதாகத் தெரிந்தது: "கடந்த ஆண்டு – அலமாரி இடம் மாற்றப்பட்டபோது ஏழாம் துளைக் கேபிளின் பிடி ஒடிந்தது. மாற்றுக் கேபிள் கையிருப்பில் இல்லாததால் டேப்பால் ஒட்டப்பட்டது. இப்படி ஒட்டியதைக் குறித்து வைக்க நம்மிடம் இடம் எதுவும் இல்லை." கீழே மாற்றங்களில் ஏழாவதாக, அப்படி ஓர் இடம்.

வெங் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வரியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும், திரும்பவும் படித்தார். தன் பெயரைத் தேடுகிறார் என்று யுன்லானுக்குப் புரிந்தது. பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. அவர் காது மடல் சிவந்திருந்தது.

"திங்கக்கிழமை ரிலீஸ் ஒண்ணு இருக்கு" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "யாரு பண்றது?"

கதவோரம் நின்றவன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"நான்தான் சார்" என்றான் போயென்.

"சரி" என்றார் வெங். "முதல்ல கேபிளை மாத்துவோம். நானும் வரேன்."